கீழ்க்கோடு உடைந்ததும் ஷார்ட் போடச் சொல்லும் குழுக்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மூன்று மாதச் சந்தா 9,500 ரூபாய் கட்டி, 2023 நவம்பரில் ஒரு டெலிகிராம் சிக்னல் குழுவில் சேர்ந்தேன். என்னைப் போல யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது பிட்காயின் 35,000 டாலரிலிருந்து 38,000 நோக்கி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு கோடு, கீழே அதைவிடச் செங்குத்தாக ஏறும் இன்னொரு கோடு, இரண்டும் முன்னால் போய்ச் சேரும்படி அட்மின் வரைந்து காட்டினார். இதுதான் ரைசிங் வெட்ஜ். கீழ்க்கோடு உடைந்தால் விலை வெட்ஜ் தொடங்கிய இடத்துக்கே, அதாவது 34,000 பக்கம் இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

நவம்பர் 21 அன்று Binance என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் அமெரிக்க அரசுடன் 430 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்ட செய்தி வந்தது. விலை சட்டென்று 36,000 பக்கம் இறங்கியது. "பிரேக்டவுன் கன்ஃபர்ம்" என்று குழுவில் சிக்னல் வந்தது. 600 டாலரைப் போட்டு, அதைப்போல் பத்து மடங்கு தொகைக்கு, அதாவது பத்து மடங்கு லெவரேஜில், விலை இறங்கினால் லாபம் தரும் ஷார்ட்டை 36,200இல் எடுத்தேன். நஷ்டம் ஓரளவுக்கு மேல் போகாமல் வெளியேற்றிவிடும் ஸ்டாப்லாஸை எங்கே வைப்பது என்று கேட்டேன். "வேண்டாம் ப்ரோ, சும்மா விக் அடிச்சுத் தூக்கிடுவாங்க" என்றார் அட்மின். விலையை ஒரு கணம் தாவவிட்டு ஸ்டாப்லாஸை அடித்துவிடுவார்கள் என்று அர்த்தம். மறுநாளே விலை 37,000ஐத் தாண்டியது. டிசம்பர் முதல் வார இறுதியில் 39,600 பக்கம் என் பொசிஷன் லிக்விடேட் ஆனது, அதாவது நஷ்டம் போட்ட பணத்தைத் தின்றுவிட்டதால் எக்ஸ்சேஞ்சே அதை மூடிவிட்டது. அடுத்த சில நாட்களில் பிட்காயின் 44,000. சந்தா போக, கிட்டத்தட்ட 50,000 ரூபாய் போயிற்று.

பிறகு உட்கார்ந்து பழைய சார்ட்டுகளைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. வெட்ஜின் கீழ்க்கோடு ஏறும் கோடு. அது ஒரு நாளைக்கு 200 டாலர் ஏறுகிறது, இன்று 36,000இல் இருக்கிறது என்று வையுங்கள். விலை 36,500இல் மூன்று நாள் அசையாமல் நின்றாலே போதும், கோடு 36,600க்குப் போய்விடும், "உடைந்துவிட்டது" என்று சிக்னல் வந்துவிடும். விற்பவர் யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கூட்டமாக ஷார்ட் போட்டால், விலை திரும்பும்போது அத்தனை ஷார்ட்டுகளும் லிக்விடேட் ஆகும். ஷார்ட் லிக்விடேட் ஆவது என்றால் சந்தையில் கட்டாயமாக வாங்குவது. நம் நஷ்டமே விலையை இன்னும் மேலே தள்ளும்.

அது மட்டுமில்லை, கோடு எங்கே வரைவது என்பதும் வரைபவர் கையில்தான் இருக்கிறது. கேண்டிலிலிருந்து மெல்லிசாக நீளும் விக் நுனியைத் தொட்டு வரைந்தால் ஓர் இடம், கேண்டில் முடிந்த விலையைத் தொட்டால் வேறு இடம். விலை மாற்றத்தைச் சதவீத அளவில் காட்டும் லாக் ஸ்கேலுக்கு மாற்றினால் அதே கோடு வேறு நாளில் உடையும்.

ஜனவரியில் அதே அட்மின் பிராடனிங் என்று ஆரம்பித்தார். மெகாபோன் மாதிரி விரியும் வடிவம் அது. ஒவ்வொரு உச்சமும் முந்தையதைவிட மேலே, ஒவ்வொரு பள்ளமும் கீழே. டிசம்பரில் 44,000க்கு மேல் ஓர் உச்சம், 40,000 பக்கம் பள்ளம், அமெரிக்காவில் பிட்காயின் இ.டி.எஃப் வர்த்தகம் தொடங்கிய ஜனவரி 11 அன்று 49,000 வரை போனது. 23ஆம் தேதி 38,500 பக்கம் இறங்கியது. "கீழே உடைத்துவிட்டது, 32,000 பாருங்கள்" என்றார். இதில் கீழ்க்கோடு தாழ்ந்துகொண்டே போவதால், அது உடையும்போது விலை ஏற்கெனவே 10,000 டாலர் விழுந்து முடித்திருந்தது. அடிமாட்டு விலையில் விற்கச் சொல்கிறார்கள். ஸ்டாப்லாஸை முந்தைய உச்சத்தில் வைக்கலாம் என்றாலோ அது எங்கேயோ 49,000இல் இருக்கிறது. இந்த முறை நான் போடவில்லை. போட்டவர்கள் மார்ச் நடுவில் பிட்காயின் 73,000ஐத் தொட்டதைப் பார்த்திருப்பார்கள்.

வெட்ஜ் உடைந்து நிஜமாகவே விழுந்த சார்ட்டுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோடு தாண்டியதை மட்டும் வைத்து ஷார்ட் போடாதீர்கள். முந்தைய பள்ளத்துக்குக் கீழே நாள் கேண்டில் முடிகிறதா, திரும்ப ஏறி வந்தபோது அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் திணறுகிறதா என்று பாருங்கள். எங்கே தப்பு என்று ஒத்துக்கொண்டு வெளியேறுவீர்கள் என்ற விலையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவைச் சோதிக்க ஒரு வழி. டெலிகிராம் சேனலில் ஒவ்வொரு பதிவின் லிங்க் கடைசியிலும் ஓர் எண் இருக்கும். பல படங்களைச் சேர்த்துப் போட்டால் சில எண்கள் தாண்டும், அது சகஜம். ஆனால் என் குழுவில் நவம்பர் 22க்கும் டிசம்பர் 5க்கும் நடுவில் பதினேழு எண்களைக் காணோம். என் ஷார்ட் சிக்னலும் அதில் ஒன்று. கேட்டதற்கு, "அது எஜுகேஷன் போஸ்ட்தான் ப்ரோ" என்று பதில் வந்தது. அன்று மாலையே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறந்தது அவருடைய ரெஃபரல் லிங்க்கில். நான் ஜெயித்தாலும் தோற்றாலும், என் ஒவ்வொரு வர்த்தகத்தின் கட்டணத்திலும் ஒரு பங்கு அவருக்குப் போயிருக்கிறது.