பாஸ்வேர்டு கசிந்ததாக எச்சரிக்கை வந்தால், பெயர் சொன்ன தளமா, ஈமெயிலா, எதை முதலில் மாற்றுவது?

கசிவு எச்சரிக்கை வந்ததும் கை தானாகப் போகிற இடம், அதில் பெயர் போட்டிருக்கிற தளம்தான். உள்ளே போய்ப் புது பாஸ்வேர்டு வைத்தால் சிவப்புக் குறி மறைந்துவிடும், மனதும் அடங்கிவிடும். எனக்கு வந்த எச்சரிக்கையில் இருந்தது, நான் எப்போதோ பயன்படுத்திவிட்டு மறந்துபோன ஒரு ஷாப்பிங் ஆப். அதை அப்படியே விட்டுவிட்டு முதலில் ஜிமெயில் பாஸ்வேர்டைத்தான் மாற்றினேன். இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன், ஓரிரு விதிவிலக்குகளோடு.

மூன்றாவதாக இன்னொரு வழியும் உண்டு: ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் மாற்றுவது. பத்தாவது தளத்துக்கு வரும்போது ஊர்ப் பெயரும் வருடமும் சேர்த்து ஏதோ ஒன்றை அடித்து வைப்போம். பழைய பாஸ்வேர்டின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது திருடுகிறவர்களின் கருவிகளுக்குத் தெரிந்த வித்தைதான். அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

முதலில் எச்சரிக்கையையே படிக்க வேண்டும், ஏனென்றால் எல்லா எச்சரிக்கையும் ஒன்றைச் சொல்வதில்லை. கூகுள் குரோமில் வருவது, உங்கள் யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஜோடியாகக் கசிந்த பட்டியலில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. யாரோ ஒருவர் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உங்கள் கணக்கில் நுழையலாம். ஐபோனில் வருவது, அந்த பாஸ்வேர்டு கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலில் இருக்கிறது என்பதை. அதே எழுத்துகளை உலகத்தில் வேறு யாரோ வைத்திருந்து அது கசிந்திருந்தாலும் இது வரும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவசரம் ஒரு படி குறைவு. (ஐபோன் என் அன்றாடக் கருவி இல்லை. வீட்டில் இன்னொருவர் போனில் பார்த்த அளவில் சொல்கிறேன்.) ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய haveibeenpwned.com தளத்தில் ஈமெயிலைப் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் பதில் மூன்றாவது வகை. அந்த முகவரி எந்தெந்தக் கசிவில் இருந்தது, கூடவே என்னென்ன போனது என்று அது சொல்லும். "பாஸ்வேர்டு" என்ற சொல் அந்த விவரத்தில் இல்லையென்றால் கசிந்தது பெயரும் போன் நம்பரும் மாதிரியானவைதான். அதற்காக பாஸ்வேர்டை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

எஸ்.எம்.எஸ்ஸிலோ ஏதோ ஒரு வெப்சைட்டின் நடுவில் குதித்தோ வருகிற "உங்கள் பாஸ்வேர்டு போய்விட்டது" லிங்க்கைத் தொடாதீர்கள். குரோமில் chrome://password-manager/checkup என்று நீங்களே அடித்துப் பாருங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும்.

இப்போது தளமா, ஈமெயிலா என்ற கேள்விக்கு வருவோம். என் கணக்கில் இதைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்ற அந்தச் சின்ன லிங்க் எங்கே போய் விழுகிறது என்பது.

ஒரு உதாரணம். ஷாப்பிங் ஆப்பில் யூசர்நேம் உங்கள் ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு `Vaigai#2016`. ஜிமெயிலுக்கு `Vaigai#2019`. இந்த முதல் ஜோடிதான் கசிந்திருக்கிறது. கசிந்த பட்டியலை வாங்கியவர் கையில் இருப்பதைக் கவனியுங்கள். யூசர்நேம் என்று நாம் நினைப்பது அவருக்கு உங்கள் மெயில் பெட்டியின் முகவரி. ஷாப்பிங் ஆப்பைவிட முதலில் அவர் தட்டிப் பார்க்கப் போகிற கதவு அதுதான். கூகுள் புதிய கருவியில் இருந்து வரும் லாகினை அடிக்கடி தடுத்து உங்கள் போனில் கேட்கும், உண்மைதான். ஒவ்வொரு முறையும் கேட்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அவர் மெயிலுக்குள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஷாப்பிங் ஆப்பில் புது பாஸ்வேர்டு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். அவர் அந்த ஆப்பில் "மறந்துவிட்டது" என்று தட்டுகிறார், லிங்க் அவர் திறந்து வைத்திருக்கிற மெயிலுக்கே வருகிறது, புதிதாக ஒன்று வைத்துவிட்டு அந்த மெயிலை அழித்துவிடுகிறார். நீங்கள் செய்த வேலை இரண்டு நிமிடத்தில் வீண். ஷாப்பிங் ஆப்பில் மட்டுமா? அந்த மெயிலை வைத்துத் திறந்த ஒவ்வொரு கணக்கிலும் இதையே செய்யலாம்.

இதைத் திருப்பிப் பாருங்கள். மெயிலை முதலில் பூட்டிவிட்டீர்கள், ஷாப்பிங் ஆப்பை இன்னும் தொடவில்லை, அவர் அதற்குள் நுழைந்துவிட்டார். உங்கள் வீட்டு முகவரியையும் வாங்கிய பொருள்களையும் பார்ப்பார். அது நஷ்டம்தான். ஆனால் கார்டு நம்பர் முழுதாகக் கிடைக்காது. 2022 அக்டோபர் முதல் இந்தியாவில் கடைகள் கார்டு நம்பரைச் சேமிக்கக்கூடாது, அதற்குப் பதிலான டோக்கன் என்ற மாற்று எண்தான் வைத்திருக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கணக்கை நீங்கள் மெயில் வழியாக ரீசெட் செய்து பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடலாம். மெயில் உங்களிடம் இருந்தால் மற்றவை மீட்கக்கூடியவை. மெயில் போய்விட்டால் மற்றவற்றில் நீங்கள் செய்கிற எதுவும் நிலைக்காது.

ஒரு கசிவு பெயர் சொன்ன தளத்தோடு நிற்காது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. 2017 மே மாதம் சொமாட்டோவில் இருந்து ஏறக்குறைய 1.7 கோடிப் பயனர்களின் விவரம் போனது. எப்படி நடந்தது என்று நிறுவனமே பிறகு விளக்கியது. 2015-இல் 000webhost என்ற இலவச ஹோஸ்டிங் சேவையின் பட்டியல் வெளியே வந்தது. பாஸ்வேர்டுகள் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுத்தாக இருந்தன. அதில் சொமாட்டோ டெவலப்பர் ஒருவருடைய சொந்தக் கணக்கும் இருந்தது. அதே மெயில், அதே பாஸ்வேர்டு, நிறுவனங்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்திலும், அங்கே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. அந்த வழியாக நுழைந்தவர் நிறுவனத்தின் நிரல் வரிகளைப் படித்து, அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, டேட்டாபேஸ் வரை போனார். அந்த டெவலப்பர் 2015-லேயே 000webhost பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தால் இதில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. கேட்க வேண்டிய கேள்வி "எங்கே கசிந்தது" என்பதல்ல, "இதே பாஸ்வேர்டு வேறு எங்கே திறக்கும்" என்பது.

சரி, ஈமெயிலை மாற்றுவது என்றால் பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் இல்லை. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜிமெயிலில் பாஸ்வேர்டு மாறியதும் பெரும்பாலான கருவிகளில் லாகின் அறுந்துவிடும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. அதனால் கூகுள் கணக்கின் Security பக்கத்தில் Your devices பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாததை வெளியேற்றுங்கள்.

அடுத்து, கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து Settings-இல் இரண்டு இடம் பார்க்க வேண்டும். Forwarding and POP/IMAP என்பதில் உங்களுக்குத் தெரியாத முகவரிக்கு மெயில் நகல் போகிறதா என்று பாருங்கள். Filters and Blocked Addresses என்பதில், வங்கி மெயிலையோ ரீசெட் மெயிலையோ கண்ணில் படாமல் தள்ளிவிடும் விதி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தவர் விட்டுப்போகும் தடயம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும், பாஸ்வேர்டை மாற்றினாலும் இது அழியாது.

ரெக்கவரி போன் நம்பரையும் பார்த்துவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம் நம்பர் அங்கே இருக்கலாம். துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாளுக்குப் பிறகு இன்னொருவருக்குப் போக வாய்ப்புண்டு. அப்படிப் போனால், உங்கள் மெயிலைத் திறக்கிற ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். இதையெல்லாம் முடித்துவிட்டு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். எனக்கு முழுதாக அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

பெயர் சொன்ன தளத்தையே முதலில் மாற்றுவது சரியாக இருப்பது எப்போது? உங்கள் மெயிலின் பாஸ்வேர்டு வேறெங்கும் இல்லாதது, கசிந்ததோடு எந்தச் சாயலும் இல்லாதது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் ஏற்கெனவே ஓடுகிறது என்றால், நேராக அந்தத் தளத்துக்கே போங்கள். பெயர் வந்தது வங்கியோ, ஷேர் வர்த்தகக் கணக்கோ, வேலை செய்யும் அலுவலகத்தின் லாகினோ என்றாலும் அப்படித்தான். அலுவலக லாகின் என்றால் மாற்றியதோடு ஐ.டி. பிரிவுக்கும் சொல்லிவிட வேண்டும்.

மெயிலுக்குப் பிறகு என் வரிசை இது: அதே பாஸ்வேர்டோ அதன் சாயலோ உள்ள பணம் சம்பந்தப்பட்ட தளங்கள், பிறகு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி என் பெயரில் மற்றவரிடம் பணம் கேட்கக்கூடிய இடங்கள், கடைசியாக எச்சரிக்கையில் வந்த அந்த ஷாப்பிங் ஆப். அதையும் மாற்றவில்லை, கணக்கையே நீக்கிவிட்டேன். குரோமில் அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடவோ, சேமித்த பாஸ்வேர்டை அழிக்கவோ முடியும். அப்படிச் செய்தால் பட்டியல்தான் சுத்தமாகும், தளத்தில் பழைய பாஸ்வேர்டு அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டு வழியுமே பலிக்காத நிலை ஒன்று உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல தளங்கள் ஒரே நேரத்தில் பட்டியலில் வருகின்றன, அவற்றில் வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன என்றால், கசிந்தது பெரும்பாலும் தளங்களில் இருந்து இல்லை. உங்கள் கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டைத் திருடும் நிரல் இருந்திருக்கலாம். கிராக் செய்த மென்பொருளோடு அது வருவது சகஜம். haveibeenpwned.com தளத்தில் 2024 ஜனவரியில் சேர்ந்த Naz.API பட்டியலில் இப்படித் திருடப்பட்டவை நிறைய, மொத்தம் 7 கோடிக்கும் மேல் மெயில் முகவரிகள். அந்தப் பெயர் உங்கள் தேடலில் வந்தாலும் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

அப்போது அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதை மாற்றினாலும் புது பாஸ்வேர்டும் அதே கைக்குப் போகும். வேறொரு போனில் இருந்து மெயிலை மாற்றி, எல்லாக் கருவிகளிலும் லாகினை அறுத்து, கம்ப்யூட்டரை முழுதாக ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். இதை நான் செய்து பார்த்ததில்லை. தெரிந்தவர் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து உதவியதோடு சரி. அவர் ஆன்டிவைரஸ் ஓட்டினால் போதாதா என்று கேட்டார். போதலாம்தான், ஆனால் அவர் வங்கி வேலையும் அதே கம்ப்யூட்டரில் செய்கிறவர் என்பதால் ஃபார்மட்தான் செய்யச் சொன்னேன்.