கோபுர இடிதாங்கி: ஒற்றைக் கம்பமா, அலுமினியப் பட்டையா, செம்புப் பட்டையா?

எங்கள் ஊர்க் கோயிலின் ஏழு நிலை ராஜகோபுரத் திருப்பணியில் மூன்றும் பேச்சுக்கு வந்தன. நாங்கள் போட்டது செம்புப் பட்டை. என் சாய்வும் அதன் பக்கம்தான்.

முதலில் ஒன்று. கலசமும் அதிலுள்ள வரகும் இடியைத் தாங்கிவிடும் என்கிறார்கள். கலசம் செம்புதான், ஆனால் அங்கிருந்து மண் வரை உலோக வழி இல்லாவிட்டால் மின்சாரம் செங்கல், சுதை வழியாகத்தான் இறங்கும், அப்போது உள்ளே இருக்கும் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகிச் சுதையை வெடித்துத் தள்ளும்.

மின்னலை முன்கூட்டியே தன் பக்கம் இழுக்கும் என்று விற்கப்படும் இ.எஸ்.இ. ஒற்றைக் கம்பம் கலசத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குச் சொல்லப்படும் பெரிய பாதுகாப்பு வட்டத்தை மின்னல் பாதுகாப்புக்கான தரநிலை ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 ஏற்பதில்லை. சாதாரணக் கம்பிக்குரிய எல்லைதான் கணக்கு. அதை விட்டுவிடலாம்.

அலுமினியம் விலை குறைவு, திருடர்கள் கண்ணிலும் அவ்வளவாகப் படாது. ஆனால் செம்புக் கலசத்தில் பட்டு வழியும் மழைநீர் கீழே உள்ள அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்புச் சுதையின் காரமும் அரிக்கும். கோபுரத்தில் இரண்டுமே உண்டு.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. சாரம் கட்டுவது பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கும்பாபிஷேகத்துக்குத்தான். அதற்கு நடுவில் யாரும் மேலே ஏறாமலே கோளாறு தெரிய வேண்டும். எங்கள் கோபுரத்தின் அடி 17க்கு 12 மீட்டர், சுற்றளவு 58. அந்தத் தரநிலையின் மூன்றாம் வகுப்புப் பாதுகாப்புக்கு 15 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில், உச்சியிலிருந்து மண்ணுக்கு இறங்கும் பட்டைகள் நான்கு. 25க்கு 3 மில்லிமீட்டர் பட்டை நான்கையும் உச்சியில் கலசப் பீடங்களோடு சேர்த்து இணைத்தோம். கீழே ஒவ்வொன்றிலும் கழற்றக்கூடிய சோதனை இணைப்பு இருக்கிறது. நான்கையும் கழற்றிவிட்டு, குறைந்த தடையை அளக்கும் மீட்டரை இரண்டு பட்டைகளுக்கு நடுவே வைத்தால், ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும் முழு வழியும் அளவுக்கு வந்துவிடும். எண்பது மீட்டர் செம்புக்கு 0.02 ஓம்கூட வராது. போட்ட அன்று எடுத்த அளவைவிட அது ஏறினால் மேலே ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், எந்தப் பட்டை சேரும்போதெல்லாம் ஏறுகிறது என்று பார்த்தால் இடமும் பிடிபடும். மண் தடையைக் கோடையில் அளக்க வேண்டும், மொத்தமாக 10 ஓமுக்குள் இருக்கட்டும்.

அழகைப் பற்றி ஸ்தபதிக்குத்தான் கவலை அதிகம். முகப்பை விட்டுவிட்டு இரண்டு குறுகிய பக்கங்களின் உள்வாங்கிய மடிப்புகளில் இறக்கி, சுதையின் நிறத்தையே அடித்துவிட்டோம், வண்ணம் பூசுவதால் கெடுதல் இல்லை. ஆனால் மறைக்கிறேன் என்று ஒவ்வொரு பொம்மையையும் சுற்றி வளைத்துக் கொண்டுபோகாதீர்கள், குறுகிய வளைவில் மின்னல் பட்டையை விட்டுக் குறுக்கே பாயும். அப்புறம் வாசலில் ஆள் நடமாட்டம் உள்ள கீழ்ப் பகுதிக்குக் காப்புறை கட்டாயம்.

மெல்லிய கலசத் தகட்டில் நேரடியாக இடி விழுந்தால் ஓட்டை விழலாம். அதனால் வரிசையின் இரு முனையிலும் கலசத்துக்குப் பின்னால் அதைவிடச் சற்று உயரமாக மெல்லிய செம்புக் கம்பி வைத்திருக்கிறோம். நடுக் கலசங்களை அது எவ்வளவு காக்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.