கிழிந்த மூலையை வெட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன்: சில வருஷம் கழித்து அந்தப் படம் எப்படி இருக்கிறது

போன கிழமை நண்பன் ஒருவன் கேட்டான், "மச்சான், அப்பாவின்ர பழைய போட்டோ ஒன்று, மூலை கிழிஞ்சு போச்சு. நீ அப்ப குடுத்த கடையிலயே குடுக்கட்டா?" இதற்கு ஓம் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கடை நல்ல வேலையும் செய்தது, என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற ஒரு வேலையும் செய்தது. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். கடை திருகோணமலை டவுனுக்குள் இருக்கிறது, பெயர் வேண்டாம், நண்பனுக்குத் தெரியும்.

முதலில் படத்தைப் பற்றி. அம்மப்பா டொக்யாட்டில் வேலை செய்த காலத்தில் எடுத்தது. 1957 இல் அந்தத் துறைமுகத் தளம் பிரித்தானியக் கடற்படையிடமிருந்து இலங்கை அரசிடம் வந்தது, படம் அதற்கு முந்தியது. ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். இடது ஓரத்தில் அம்மப்பா, ஒரு கையைச் சைக்கிள் ஹேண்டிலில் வைத்தபடி. ஓரம் நெளிநெளியாக வெட்டின வெள்ளைக் கரையோடு வருமே, அந்தக் கடதாசி. கரை போக படம் மட்டும் 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம். வலது கீழ் மூலை இல்லை. அடிப்பக்கமாக முக்கால் அங்குலமும் பக்கவாட்டில் மேல்நோக்கி அரை அங்குலமும் போய்விட்டது. யாரோ ஒரு காலத்தில் அதைச் செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்திருக்கிறார்கள். டேப்பும் விழுந்து, கிழிந்த துண்டும் தொலைந்து, பசை மட்டும் தேயிலைச் சாய நிறத்தில் ஒரு பட்டையாக நின்றது.

நான் அப்போது கொழும்பில் வேலை. அக்காதான் கடைக்குக் கொண்டு போனா. இப்படியான வேலைகளுக்குக் கவர் மேல் "மூலை கட்" என்று ஒரு சொல்லை எழுதிப் போட்டு வைப்பார்கள், பிறகு அதை யார் எடுத்து எப்படிச் செய்கிறார் என்பது அவரவர் கைவாக்கு. அதை நம்பி அந்தப் படத்தை விட எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு கடிதம் எழுதிப் படத்தோடு வைத்தேன். அதன் பிரதி இன்னும் இருக்கிறது:

"ஐயா, இதன் கிழிந்த மூலை தெரியாதபடி வெட்டி ஒரு பெரிய பிரிண்ட் வேண்டும். மூலப் படத்தில் கத்தரிக்கோல், பிளேட் எதுவும் வைக்க வேண்டாம். ஸ்கான் செய்து அதில் வெட்டுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்றாலும் கலரிலேயே அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்யவும். வெட்டுவது கீழ்ப்பக்கத்தில் மட்டும், அரை அங்குலம். வலது பக்கம் வெட்ட வேண்டாம், அங்கே ஒருவர் நிற்கிறார். மூலையை வரைந்து நிரப்பவும் வேண்டாம். 12 x 8 தாளில் அடிக்கும்போது படம் முழுதாக வர வேண்டும், மேலும் கீழும் வெள்ளை விட்டாலும் பரவாயில்லை. வெட்டாத ஸ்கானையும் பென்டிரைவில் போட்டுத் தாருங்கள்."

இதில் கீழ்ப்பக்கத்தில் மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மூலை கிழிந்தால் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும் என்றுதான் அநேகமானவர்கள் நினைக்கிறார்கள். தேவையில்லை. கீழே அரை அங்குலத்தை நேராக எடுத்தாலே கிழிசல் முழுவதும் அந்தப் பட்டையோடு போய்விடும். அல்லது வலது பக்கம் முக்கால் அங்குலத்தை எடுத்தாலும் போகும். இரண்டில் ஒன்று போதும். எதை எடுப்பது என்பது அந்தப் பட்டையில் யார், என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் படத்தில் கீழே எடுத்தால் ஐந்து பேரின் பாதங்களும் கொஞ்சம் மண்ணும் போகும். வலது பக்கம் எடுத்தால் ஒரு மனிதரே போவார். இதைக் கடைக்காரர் தீர்மானிக்க முடியாது, அவருக்கு அந்த மனிதர் யாரோ.

வரைந்து நிரப்ப வேண்டாம் என்றதற்கும் அதே காரணம்தான். அக்கா போன அன்று கடைத் தம்பி, "கால் வைச்சு நிரப்பித் தரலாம், தெரியவே தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அவரால் முடியும்தான். பக்கத்தில் நிற்பவரின் சப்பாத்தை எடுத்து இவருக்குப் போட்டுவிடலாம். ஆனால் அவர் அன்றைக்குச் சப்பாத்துப் போட்டிருந்தாரா, செருப்போடு நின்றாரா, வெறுங்காலா என்று எனக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. இல்லாததைப் படத்தில் வைத்துவிட்டால் இருபது வருஷத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் அதை உண்மை என்று நம்புவார்கள். இல்லாமல் இருப்பது அதைவிட மேல்.

சரி, கடை என்ன செய்தது? மூலப் படத்தில் ஒரு கீறல்கூடப் புதிதாக இல்லை. போன மாதிரியே திரும்பி வந்தது, மடங்காமல் இருக்க இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து. பசைக் கறையை எடுத்த விதமும் அழகு. கலரில் ஸ்கான் செய்யச் சொன்னது இதற்காகத்தான். கலர் ஸ்கான் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக இருக்கும். மஞ்சளும் பழுப்புமான கறை நீல அடுக்கில்தான் கறுப்பாகத் தெரியும், சிவப்பில் கிட்டத்தட்டத் தெரியாது. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை மட்டும் எடுத்தால் கறையின் பெரும்பகுதி தானாகவே ஒதுங்கிவிடும், அதன் மேல் தூரிகை வைத்துத் தேய்த்து முகங்களை மழுக்க வேண்டிய வேலை இல்லை. அதை அந்தத் தம்பி செய்திருக்கிறார் என்பது பிரிண்டைப் பார்த்ததும் விளங்கியது. அந்தக் கறைப் பட்டை வலது ஓரத்து மனிதரின் முழங்கால் வரை ஏறியிருந்தது. பிரிண்டில் அங்கே வேட்டியின் மடிப்பு தெரிகிறது.

இன்னும் ஒன்று, நான் கேட்காமலே செய்தது. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்து பென்டிரைவில் போட்டிருந்தார். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பின்னால் அம்மப்பா நீல மையில் ஐந்து பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறார், கடைசிப் பெயர் ஆக அடியில். முன்பக்கத்து வலது மூலை பின்பக்கத்தில் இடது மூலை அல்லவா, அதனால் அந்தக் கடைசிப் பெயரின் முதல் எழுத்துக்கள் கிழிசலோடு போய்விட்டன, பின்பாதி மட்டும் மிச்சம். நான் சொன்ன அரை அங்குலத்தை மூலப் படத்திலேயே யாராவது பிளேட் வைத்து வெட்டியிருந்தால் அந்த வரி முழுவதுமே குப்பைக் கூடைக்குள் போயிருக்கும். இப்போது அந்த மை மூலப் படத்தில் வெளிறிக்கொண்டு வருகிறது. எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, அலமாரிக்குள் வைத்தாலும் ஈரம் விடாது. ஸ்கானில் மட்டும் அன்றைக்கு இருந்த நீலம் அப்படியே இருக்கிறது. அந்தத் தம்பிக்கு இதற்காக எத்தனை நன்றி சொன்னாலும் காணாது.

இவ்வளவும் செய்த கடை, கடைசிப் படியில் வந்து கவிழ்த்தது.

கீழே அரை அங்குலம் எடுத்தபின் படம் 4க்கு 2.5. அதை மூன்று மடங்காக்கினால் 12க்கு 7.5. தாள் 12க்கு 8. அதாவது மேலே கால் அங்குலம், கீழே கால் அங்குலம் வெள்ளை நிற்க வேண்டும். அதைத்தான் கடிதத்தில் எழுதினேன். பிரிண்ட் போடுகிற இடத்தில் வழக்கமாக இரண்டு தெரிவு இருக்கும், Fit என்று ஒன்று, Fill என்று ஒன்று. Fit போட்டால் படம் முழுதாக வந்து மிச்ச இடம் வெள்ளையாக நிற்கும். Fill போட்டால் தாளில் வெள்ளையே இல்லாதபடி படத்தை ஊதிப் பெருப்பித்து, வெளியே தள்ளுகிறதைத் தள்ளிவிடும். மெசினில் நின்றவர் Fill போட்டுவிட்டார். உயரத்தை 8 ஆக்கினால் அகலம் 12.8 ஆகும், தாளில் இருப்பதோ 12. இரண்டு பக்கமும் 0.4 அங்குலம், அதாவது ஒரு சென்டிமீற்றர் போயிற்று. வலது பக்கம் போனது வெறும் சுவர். இடது பக்கம் போனது சைக்கிள் ஹேண்டிலும் அதன் மேல் இருந்த அம்மப்பாவின் விரல்களும். மணிக்கட்டோடு கை முடிகிறது.

அதை லமினேட்டும் செய்து, பிரேமும் போட்டு, அக்காவின் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் லீவில் வந்து பார்த்தபோது படம் சுவரில் ஏறிவிட்டது, அம்மாவும் அதற்குப் பூமாலை போட்டுவிட்டா. கடைக்குப் போய்க் கடிதத்தைக் காட்டிக் கதைத்தேன். கடை முதலாளி சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "வெள்ளை விட்டா கஸ்டமர் பேசுவினம் தம்பி." நான்தானே கஸ்டமர்? வெள்ளை விடு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே! திரும்ப அடித்துத் தரலாம், ஆனால் பிரேமுக்கும் லமினேட்டுக்கும் திரும்பவும் காசு என்றார். அதோடு வந்துவிட்டேன்.

நியாயமாகச் சொல்வதென்றால், பிரிண்ட் இன்றுவரை நன்றாகத்தான் நிற்கிறது. 600 இல் எடுத்த ஸ்கானை மூன்று மடங்குக்கு மேல் பெருப்பித்தால் அங்குலத்துக்கு 200 புள்ளிகூட வராது, கிட்டப்போய் மூக்கை வைத்துப் பார்த்தால் மென்மையாக இருக்கும், சுவரில் நின்று பார்க்க ஒரு குறையும் இல்லை. மட் லமினேட் என்பதால் எங்கள் ஊர் ஈரத்துக்கும் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் லேசாக உரிகிறது. பின்னேர வெளிச்சத்தில் கறுப்பு கொஞ்சம் பச்சை கலந்த மாதிரித் தெரியும். கலர்த் தாளில் கறுப்பு வெள்ளை அடித்தால் அது வழக்கம், அதற்குக் கடையைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த விரல்கள். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் இருந்து நிமிர்ந்தால் கண் நேரே அங்கேதான் போகிறது. காலத்தின் கையால் போன மூலையை மறைக்கத்தான் அவ்வளவு யோசித்து எழுதினேன், காலம் தொடாத இடத்தை ஒரு பட்டன் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மச்சான், உன் கேள்விக்கு வருகிறேன். நீ அனுப்பினதைப் பார்த்தால் உன் அப்பாவின் படம் நிமிர்த்தின படம், கிழிந்தது மேல் இடது மூலை, அங்கே வானம் மட்டும்தான் இருக்கிறது. அதில் மேல்பக்கத்தில் ஒரு பட்டையை வெட்டினால் அப்பாவின் தலை ஓரத்தில் முட்டும். உனக்கு நிரப்பச் சொல்வதுதான் சரி, வெறும் வானத்தை நிரப்புவதும் ஒருவரின் காலை நிரப்புவதும் ஒன்றில்லை. ஸ்கானும் திருத்தமும் அந்தக் கடையிலேயே கொடு, அந்தத் தம்பி நிற்கிற நாளாகப் பார்த்துக் கொடு. கடிதமும் எழுது. பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யச் சொல்லி நீயே எழுது, உன்னிடம் யார் நிற்பார்களோ தெரியாது. பைலை வாங்கிக்கொண்டு பிரிண்டை வேறு இடத்தில் போடு. அங்கேயும் லமினேட் செய்ய முன் தாளைக் கையில் வாங்கி நாலு ஓரமும் பார்.

நான் அந்தக் கடைக்கு இனிப் போகமாட்டேன். வெட்டாத ஸ்கான் என்னிடம் இருக்கிறது, வருகிற மாதம் வேறு இடத்தில் வெள்ளை விட்டு அடிக்கப் போகிறேன்.