தொடக்க மெயில்: தேதிகள் மெயிலிலா, ஷீட்டிலா?

மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருள் மாற்றிக் கொடுக்கும் வேலை. ஆறு பேர், பத்து வாரம். முதல் நாள் மெயிலை எழுத உட்கார்ந்தபோது இரண்டு வழி இருந்தது. நாலு வரி வணக்கம் சொல்லி, பொறுப்பும் தேதியும் உள்ள கூகுள் ஷீட்டின் லிங்க்கைக் கொடுப்பது ஒன்று. எல்லாவற்றையும் மெயிலுக்குள்ளேயே எழுதிவிடுவது இன்னொன்று. இதற்கு முந்தைய வேலையில் லிங்க் கொடுத்திருந்தேன். இந்த முறை மெயிலிலேயே எழுதினேன், இனியும் அப்படித்தான்.

ஷீட் பார்க்க ஒழுங்காக இருக்கும், மெயில் போனில் சட்டென்று திறக்கும். இதையெல்லாம் வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. தேதி மாறும்போது என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

முந்தைய வேலையில், பழைய சரக்குப் பட்டியலை ஏற்றும் தேதி ஷீட்டில் 12இலிருந்து 17க்கு மாறியது. மாற்றியவர் யாரிடமும் சொல்லவில்லை, ஷீட்டில்தான் இருக்கிறதே! டெஸ்டிங் பார்த்தவர் 13ஆம் தேதி கடைக்காரரை வரச் சொல்லிவிட்டார். அவர் வந்து உட்கார்ந்தார், திரையில் ஒரு சரக்குகூட இல்லை. யார் எப்போது மாற்றினார்கள் என்பது ஷீட்டின் வரலாற்றில் இருந்தது. ஆனால் அதைத் தேடிப் போனதே சண்டை வந்த பிறகுதான். மாற்றத்துக்கு அறிவிப்பு வரும்படி வைக்கலாம். எழுத்துப்பிழை திருத்தினாலும் அது வரும் என்பதால் மூன்றாம் நாளே எல்லோரும் அணைத்துவிடுகிறார்கள்.

அனுப்பிய மெயிலைத் திருத்த முடியாது. தேதி மாறினால் எல்லோருக்கும் பதில் போட்டே ஆகவேண்டும். அந்தத் தொந்தரவுதான் எனக்கு வேண்டியது. அதனால் மூன்று தேதிகள் மட்டும் வைத்தேன்: சரக்குப் பட்டியல் ஏற்றுவது, கடையில் சோதனை, பழைய மென்பொருளை நிறுத்துவது. ஒன்று மாறினாலும் மூன்றையும் திரும்ப எழுதி, மாறியதன் பக்கத்தில் ‘மாறியது’ என்று போடுவேன். இல்லாவிட்டால், நடுவில் வந்து சேர்பவர் முதல் மெயிலை மட்டும் படித்துவிட்டுப் பழைய தேதியைப் பிடித்துக்கொள்வார்.

பொறுப்புகளில் ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான். ‘இருவரும் சேர்ந்து’ என்று எழுதினால் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள். வேலைப் பழக்கம் பற்றி எழுதியதில் பலன் தந்த வரிகள் இவை:

“சந்தேகம் எதுவானாலும் குரூப்பில் கேளுங்கள். முடிவு மட்டும் மெயிலில் வரட்டும். வெள்ளிக்கிழமை முடியாது என்று தெரிந்தால் புதனே சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டேன். வெள்ளி சாயங்காலம் சொன்னால்தான் வருத்தம்.”

‘காலக்கெடுவைத் தவறாது கடைப்பிடிக்கவும்’ என்று முதலில் எழுதி அழித்தேன். சர்க்குலர் மாதிரி இருந்தது. தவிர, முடியாதபோது என்ன செய்வது என்பது அதில் இல்லை.

நான் பார்த்ததெல்லாம் ஐந்தாறு பேர் குழுக்கள்தான். முப்பது பேர், நாற்பது தேதி என்றால் ஷீட் இல்லாமல் ஓட்ட முடியாது என்றே நினைக்கிறேன். அப்போதும் அந்த மூன்று தேதிகளை மெயிலில் வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஷீட்டுக்கு அனுப்புவேன்.