புதுப்பித்தல் நோட்டீசில் நான் பார்க்காமல் விட்ட ஐ.டி.வி.

சேலத்தில் கார் வைத்திருப்பவர்கள், இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு என் காருக்கு மூன்று வயது முடிந்தது. கம்பெனி அனுப்பிய நோட்டீசில் ஐ.டி.வி., அதாவது வண்டி முழுதாகப் போய்விட்டால் கம்பெனி தரும் உச்சத் தொகை, 4,80,000 ரூபாய். காரின் அறிவிக்கப்பட்ட விலை 8 லட்சம். மூன்று வயதைத் தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், கணக்கு சரி. நோட்டீசில் இருந்ததைவிடக் குறைந்த பிரீமியத் தொகையோடு ஏஜெண்ட் வேறொரு தாளை நீட்டினார். "உங்களுக்காகவே பேசி 35 சதவீதம் தள்ளுபடி வாங்கியிருக்கிறேன், அண்ணா" என்றார். நானும் மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டேன்.

அந்த 35 சதவீதம் அவர் வாங்கித் தந்ததே அல்ல. தொடர்ந்து மூன்று ஆண்டு கிளெய்ம் கேட்காததால் எனக்குச் சேரவேண்டிய நோ கிளெய்ம் போனஸ் அது. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். நோட்டீசிலேயே அது கழிக்கப்பட்டிருந்தது. அதுவும் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் கழியும், மூன்றாம் நபர் பிரீமியத்தில் கழியாது.

அப்படியானால் தொகை எப்படிக் குறைந்தது? ஐ.டி.வி.யை 4 லட்சமாக இறக்கிவிட்டு, பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பையும் நீக்கிவிட்டிருந்தார். ஐ.டி.வி.யை இறக்கியதில் எனக்கு மிச்சம் இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. போதாததற்கு, நான் கேட்காத சாவித் தொலைப்புக் காப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார்!

ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் சரிந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. கிரேன் வைத்துத் தூக்க 12,000 ரூபாய். ஒர்க்‌ஷாப் மதிப்பீடு 2,98,000. வண்டி திரும்பிவிடும் என்றே நம்பினேன்.

சர்வேயர் வேறு கணக்குப் போட்டார். மீட்புச் செலவும் பழுதுச் செலவும் சேர்ந்து ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி முழுச் சேதம். 4 லட்சத்தில் 75 சதவீதம் 3 லட்சம். என் செலவு 3,10,000. நோட்டீசில் இருந்த 4,80,000 அப்படியே இருந்திருந்தால் எல்லை 3,60,000 ஆகியிருக்கும், வண்டியைப் பழுதுபார்த்துத் தந்திருப்பார்கள். ஜீரோ டெப்பும் இருந்திருந்தால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையை நான் கொடுக்கவேண்டியிருக்காது. கடைசியில் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போகக் கைக்கு வந்தது 3,99,000. அதே வயதில், அதே மாதிரி வண்டியைச் சேலத்தில் அந்த விலைக்கு யாரும் தரவில்லை.

இரண்டு தாள்கள் கையில் இருந்தால் அடியில் உள்ள மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள். முதலில் ஐ.டி.வி. வரியை ஒப்பிடுங்கள், பிறகு எந்தக் கூடுதல் காப்பு காணாமல்போயிருக்கிறது என்று பாருங்கள்.

ஏஜெண்டிடம் கேட்டேன். "ஐ.டி.வி. தாளிலேயே எழுதியிருந்ததே, அண்ணா. கையெழுத்து நீங்கள்தானே போட்டீர்கள்?" என்றார். எழுதித்தான் இருந்தது.