சோலார் வாட்டர் ஹீட்டர் விளம்பரத்தில் வருவது என் குரல்தான், அந்த 2 லட்சம் என் கணக்கு இல்லை

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் கேபிள் டிவியிலும் வாட்ஸ்அப் குரூப்புகளிலும் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் விளம்பரம் ஓடுகிறது. ஆரம்ப வரியும் கடைசி வரியும் என் குரல். நடுவில் எண்கள் வரும் இடத்தில் மட்டும் வேறொருவர் குரலை ஒட்டியிருக்கிறார்கள். "15 வருஷத்தில் 2 லட்சம் ரூபாய் மிச்சம், அரசு மானியம் 78,000 வரை" என்பது நான் எழுதியதும் இல்லை, பேசியதும் இல்லை. தெரிந்தவர்கள் போன் போட்டு "நீ சொன்னியேன்னுதான் வாங்கினேன்" என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

2025-ல் இந்த ஹீட்டரை விற்கிற ஏஜென்சிக்காரர் என்னிடம் ஸ்கிரிப்ட் கேட்டபோது, எதை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுவோம் என்றேன். சரி என்றார். 100 லிட்டர் கண்ணாடிக் குழாய் மாடல், ஸ்டாண்டு, பிளம்பிங் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன விலை 22,000.

நான் எழுதிய கணக்கு இதுதான். ஒரு ஆள் குளிக்க 20 லிட்டர் வாளி ஒன்று. நம் ஊர் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மார்கழியில்கூட 26 டிகிரி வாக்கில் இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டரை 14 டிகிரி ஏற்ற கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு யூனிட் ஆகும். கீசரிலும் குழாயிலும் வீணாகிற சூட்டையும் சேர்த்து வாளிக்கு 0.4 யூனிட் என்று வைத்தேன்.

முதல் வீடு: 5 பேர், வருஷம் முழுக்க வெந்நீர்க் குளியல். ஐப்பசி, கார்த்திகை மழையில் 50 நாள் வெயில் கிடைக்காது, கரண்டில்தான் சுட வைக்கணும் என்று கழித்தால் மீதி 315 நாள். 1,575 வாளி, 630 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் வருஷம் 3,780. உப்பு எடுக்க, வாஷர் மாற்ற, உடைந்த குழாய்க்கு என்று வருஷம் 1,000 ஒதுக்கினால் கையில் நிற்பது 2,780. போட்ட 22,000 திரும்ப எட்டு வருஷம். பத்தாவது வருஷம் முடியும்போது லாபம் 5,800 ரூபாய்.

இரண்டாவது வீடு: அதே 5 பேர், குளிர் மாசத்தில் மட்டும், அதாவது 120 நாள். அந்த 50 மழை நாளும் பெரும்பாலும் இதற்குள்ளேயே வந்துவிடும். மிஞ்சுவது 70 நாள், 140 யூனிட், 840 ரூபாய். பராமரிப்புச் செலவுக்கே காணாது. அதனால் ஸ்கிரிப்டில், "மார்கழிக்கு மட்டும் வெந்நீர் போடுற வீடா? பணம் திரும்பாது, யோசிச்சு வாங்குங்க" என்று ஒரு வரி வைத்தேன். எனக்கு அந்த வரிதான் பிடித்திருந்தது. ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்கள் மாதிரி தினமும் வெந்நீர் ஓடுகிற இடத்துக்கு நம்பி விற்கலாம் என்பதற்கும் அதே வரிதான் வழி விடுகிறது.

யூனிட் விலைக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். நம் பில் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வருவது. ஸ்கிரிப்ட் எழுதியபோது முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக விலை ஏறும். கீசரை நிறுத்தினால் குறைவது பில்லின் கடைசிப் படியில் இருக்கும் யூனிட்தான். அதனால் "உங்க பில்லை எடுத்து, கடைசிப் படியில யூனிட் என்ன விலைன்னு பாருங்க, 6-க்குப் பதிலா அதைப் போடுங்க" என்று எழுதினேன். ஏசி ஓடுகிற பெரிய வீட்டுக்கு 9 ரூபாய்க்கு மேலேயும் வரலாம். சின்ன வீட்டுக்கு 6 ரூபாயே அதிகம்.

ஒளிபரப்பான விளம்பரத்தில் இரண்டாவது வீடே இல்லை. முதல் வீட்டில் 630 யூனிட் இருந்த இடத்தில் 1,500. இது அவர்கள் கண்டுபிடித்த எண் இல்லை, பல வருஷமாக இந்தத் தொழிலின் நோட்டீஸ்களில் சுற்றுகிற எண். 100 லிட்டரையும் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 4.65 யூனிட் ஆகும். வருஷத்தில் 320 நாளுக்கு மேல் அத்தனையையும் சொட்டு விடாமல் செலவழித்தால் 1,500 வரும். நம் கடற்கரையில் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்குவதே இல்லை. 60 டிகிரி வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால், 5 பேர் குளிக்கத் தொட்டியிலிருந்து இறங்குவது 40 லிட்டர்தான். மீதி 60 லிட்டர் சூடாகி என்ன பயன், பில்லில் அது குறையப் போவதில்லையே. ஆனால் அவர்கள் 1,500-ஐ 9 ரூபாயால் பெருக்கி, அதை 15-ஆல் பெருக்கி 2,02,500 ஆக்கிவிட்டார்கள். வாங்கிய விலையைக் கழிக்கவில்லை, பராமரிப்பையும் கழிக்கவில்லை. கேட்டதற்கு, "அண்ணே, விளம்பரம்னா அப்படித்தாண்ணே, ஜனங்க கணக்கா பார்க்கப் போறாங்க" என்றார். எனக்குத் தரவேண்டிய பாக்கியையும் அதோடு நிறுத்திவிட்டார்.

15 வருஷம் என்பதில்தான் நம் ஊருக்குப் பெரிய ஆபத்து. இந்த மாடலில் தண்ணீர் நேராகக் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே இறங்கிச் சூடாகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீரை யாரும் மாடிக்கு ஏற்றுவதில்லை, ஏறுவது போர் தண்ணீர். அதில் இருக்கிற சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து குழாயின் உள்ளே வெள்ளையாகப் படியும். உப்பில் இருக்கும் குளோரைடு 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலையும் ஊசி ஊசியாக அரித்து ஓட்டை போடும். மண்டபத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டில் இதுதான் நடந்தது. முதலில் நல்ல வெயில் நாளிலும் வெந்நீர் வெதுவெதுப்பாக வந்தது. அப்புறம் தொட்டியின் வெளித்தகட்டு ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. உள்தொட்டி கசிந்து, நடுவில் இருக்கிற நுரைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கம்பெனியைக் கூப்பிட்டால் உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: தண்ணீரின் கடினத்தன்மை இந்த அளவுக்கு மேல் போனால் உத்தரவாதம் செல்லாது. அந்த அளவுக்குக் கீழே போர் தண்ணீர் உள்ள வீட்டை இந்தக் கரையில் தேடித்தான் கண்டுபிடிக்கணும். விற்க வந்தவர் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவே இல்லை.

உப்புத் தண்ணீர் வீட்டுக்கு, வெயிலில் சூடாகும் தண்ணீரும் நாம் குளிக்கும் தண்ணீரும் கலக்காத வெப்பமாற்றி வைத்த மாடல் கேட்கணும். விலை நன்றாகவே கூடும், அப்போது மேலே சொன்ன எட்டு வருஷமும் நீளும். இதுவும் என் ஸ்கிரிப்டில் இருந்தது, வெட்டிவிட்டார்கள்.

மானியம் என்பது சுத்தப் பொய். 78,000 என்பது 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில், கூரையில் 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் மின்சாரம் தயாரிக்கும் பேனல் போடுகிறவர்களுக்கான தொகை. வாட்டர் ஹீட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டிலும் சோலார் என்ற சொல் இருப்பதை வைத்து விளையாடுகிறார்கள். சிலரிடம் "மானியப் பதிவு" என்று தனியாகப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். என் ஸ்கிரிப்டின் அசல் பிரதி என்னிடம் இருக்கிறது, புகாரோடு இணைக்க வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், தருகிறேன்.