வேலூரில் குளிர்ந்தது, எண்ணூரில் புழுங்கியது: குளிர் வெஸ்ட்டோடு இரண்டு கோடை

சாலைப் பணியில் சைட் சூப்பர்வைசர் வேலை. போன வருடக் கோடை முழுக்க வேலூர்ப் பக்கம், இந்த வருடம் எண்ணூர். வேலூரில் இருந்தபோது நனைத்துப் போடும் வெஸ்ட் ஒன்றும், அதே வகைக் கழுத்துப்பட்டை ஒன்றும் வாங்கினேன். வெஸ்ட்டைப் பத்து நிமிடம் தண்ணீரில் முக்கி, லேசாகப் பிழிந்து, பனியன் மேல் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மதியம் 40 டிகிரி வெயிலிலும் காற்று அடிக்கும்போதெல்லாம் முதுகு ஜில்லென்று இருக்கும். அதனால் எண்ணூருக்கு மாற்றல் வந்ததும் நம்பி எடுத்துப் போனேன். அங்கே அரை மணி நேரத்திலேயே ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு நிற்பது போல ஆகிவிட்டது.

வெஸ்ட் கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பெட்டி எடை பார்க்கும் சின்னத் தொங்கு தராசில் போடும் முன்னும் கழற்றிய பின்னும் நிறுத்துப் பார்த்தேன். வேலூரில் விடுப்புக்குப் போயிருந்த ஒரு நாள், இரண்டு மணி நேரத்தில் 400 கிராம் குறைந்தது. எண்ணூரில் அதே நேரத்தில் 120 கிராம்தான். குளிர்ச்சி தருவது துணியில் இருக்கும் தண்ணீர் இல்லை, அதிலிருந்து ஆவியாகிப் போகும் தண்ணீர். 400 கிராம் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், கிட்டத்தட்ட 3 கிலோ ஐஸ் உருக எடுத்துக்கொள்வதற்குச் சமம். அதில் ஒரு பங்கு வெளிக்காற்றிலிருந்தே போகிறது என்றாலும் மீதியே பெரிய உதவி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. மண்பானைத் தண்ணீர் எண்ணூர் போன்ற கடலோரத்தில் வேலூர் அளவுக்குக் குளிராததும் இதனால்தான்.

40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் நனைந்த துணி ஏறக்குறைய 24 டிகிரி வரை குளிர இடமுண்டு. 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 29க்குக் கீழே போகாது. நம் தோலே 35 டிகிரிப் பக்கம் இருக்கும்போது அது போதவில்லை. அதோடு வெஸ்ட் வியர்வை காயவும் வழிவிடாமல் மறைக்கிறது. ஒரு மணி நேரம் கழித்தும் வெஸ்ட் கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

எண்ணூரில் ஐஸ் பேக் வெஸ்ட்டுக்கு மாறினேன். அரைக் கிலோ பேக் நான்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. காற்றின் ஈரத்தைப் பற்றி ஐஸுக்குக் கவலையில்லை. ஆனால் 2 கிலோ சுமந்துகொண்டுதான் ஏணி ஏற வேண்டும். வெறும் உடம்பில் போட்ட முதல் நாள் தோல் சிவந்து மரத்துவிட்டது. அப்புறம் தடித்த பனியன் மேல்தான். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டை அதற்கு மேலே போட்டால் குளிர் வெளியே வீணாகாமல், ஒன்றரை மணி நேரம் வந்தது இரண்டு மணி நேரத்துக்குப் பக்கமாக நீள்கிறது. உருகிய பிறகு அது வெறும் பாரம். அதனால் இரண்டு செட் வைத்திருக்கிறேன். ராத்திரி டீக்கடை ஃப்ரீசரில் உறைய வைத்து, காலையில் தெர்மாகோல் பெட்டியில் எடுத்துப் போகிறேன். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஐஸ் வெஸ்ட் வாங்கிப் பிரயோசனமில்லை.

கழுத்துப்பட்டை பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் மணிகள் தண்ணீரில் ஊறி ஜவ்வரிசி போல உப்பும். வேலூரில் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை அதைப் போட்டுக்கொண்டே நின்றேன். கழுத்து சுகமாக இருந்ததால் தாகமே தெரியவில்லை. திடீரென்று கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, தலை சுற்றியது. மேஸ்திரிதான் நிழலில் படுக்க வைத்து, உப்புப் போட்ட மோர் கொடுத்தார். “கழுத்து குளுந்தா உடம்பு குளுந்ததா அர்த்தம் இல்ல சார்” என்றார். அதுதான் உண்மை. பட்டை தொடும் இடம் கொஞ்சம். சூடு குறைந்த உணர்வு வருகிறதே தவிர, உள்ளுடம்பின் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. இப்போது பட்டை போட்ட நாளில் தாகத்தைக் கேட்பதில்லை, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை போனில் அலாரம் அடித்தால் குடிக்கிறேன்.

இன்னொன்று. போர் தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்து, இரண்டாவது மாதம் மணிகள் பாதிகூட உப்பவில்லை. உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் காரணம், திரும்பச் சரியாகாது. அடுத்த பட்டையைக் கேன் தண்ணீரில் மட்டும் 15 நிமிடம் ஊறவைக்கிறேன். அதற்கு மேல் விட்டால் கட்டையாக விறைத்துக் கழுத்தில் வளையாது. மாலையில் அலசிக் கொடியில் போட்டாலும் மணிகள் முழுதாகக் காய நாலைந்து நாள் ஆகும். ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்த பழைய பட்டையில் பூஞ்சை வாடை வந்து, கடைசியில் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.